பேட்டரி ‘சைக்கிள் கவுண்ட்’ என்றால் என்ன? பாதி சார்ஜ் போட்டால் எத்தனை சைக்கிள்? - முழு விளக்கம்

போனில் 40 சதவீதம் இருக்கும்போதே சார்ஜ் போட்டால், “அடிக்கடி சொருகாதே, பேட்டரி சீக்கிரம் போயிடும்” என்று வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்கள். இன்னொருவர், “முழுசா தீர்ந்த பிறகுதான் போடணும்” என்பார். செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போனால் கடைக்காரர், “சைக்கிள் 300தான் ஆகியிருக்கு, பயப்படாம எடுத்துக்கோங்க” என்கிறார்.

இந்த மூன்று பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்தான். அதன் பெயர் ‘சைக்கிள் கவுண்ட்’. அந்த எண் எதை எண்ணுகிறது, எதை எண்ணாமல் விடுகிறது என்று தெரிந்துவிட்டால், சார்ஜ் போடும்போது வரும் பாதி பயம் போய்விடும். பழைய போன் வாங்கும்போது ஏமாறாமலும் இருக்கலாம்.

சார்ஜரை எத்தனை தடவை சொருகினோம் என்பதா சைக்கிள்?

இல்லை. பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். ஒரு சைக்கிள் என்பது, பேட்டரியின் முழுக் கொள்ளளவுக்குச் சமமான மின்சாரத்தை நாம் செலவழித்து முடிப்பது. அதை ஒரே மூச்சில் செலவழித்தாலும் சரி, நாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தாலும் சரி, மொத்தம் 100 சதவீதம் சேர்ந்தால் ஒரு சைக்கிள்.

உதாரணத்துக்கு, விழுப்புரம் மாவட்டம் கெடாரில் இருந்து தினமும் விழுப்புரத்துக்கு பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வரும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவரிடம் இருப்பது 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள போன்.

திங்கட்கிழமை காலை 100 சதவீதத்துடன் கிளம்புகிறார். மதியம் பார்த்தால் 60. செலவானது 40. கல்லூரியில் சிறிது நேரம் சார்ஜ் போட்டு 90-க்கு ஏற்றுகிறார். இரவு வீடு திரும்பும்போது 50. மறுபடியும் 40 செலவு. ஆக, திங்கட்கிழமை கணக்கு 80 சதவீதம். இரவு சார்ஜ் போட்டு மறுபடி 100 ஆக்கிவிடுகிறார்.

செவ்வாய்க்கிழமை 100-லிருந்து 30 வரை இறங்குகிறது. செலவு 70. புதன்கிழமை 100-லிருந்து 50. செலவு 50.

மூன்று நாளையும் கூட்டுங்கள்: 80 + 70 + 50 = 200. அதாவது இரண்டே இரண்டு சைக்கிள். ஆனால் அந்த மூன்று நாளில் அவர் சார்ஜரைச் சொருகியது நாலு தடவை.

வாரத்தின் மீதி நாலு நாளும் இதேபோல் 60, 80, 40, 20 என்று செலவானால், அதில் இன்னொரு 200. அந்த நாலு நாளில் ஐந்து தடவை சார்ஜ் போட்டார் என்று வைத்தாலும், வாரக் கணக்கு இதுதான்: சொருகியது 9 தடவை, சைக்கிள் 4. இதே பழக்கம் தொடர்ந்தால் வருடத்துக்கு 52 வாரம், 208 சைக்கிள்.

திங்கட்கிழமை மதியம் அவர் சார்ஜ் போடாமல் இருந்திருந்தால் ஏதாவது மிச்சமாகியிருக்குமா? ஒன்றும் இல்லை. அவர் போனைப் பயன்படுத்திய அளவு அதேதான். செலவான மின்சாரமும் அதேதான். ‘அடிக்கடி சொருகினால் சைக்கிள் கூடும்’ என்ற பயத்துக்கு இடமே இல்லை.

யார் எண்ணுகிறார்கள்?

இந்தக் கணக்கைப் போடுவது பேட்டரியோடு இணைந்திருக்கும் ஒரு சின்ன சிப். வீட்டு மின்மீட்டர் யூனிட் எண்ணுவதைப் போல, பேட்டரியை விட்டு வெளியே போகும் மின்னோட்டத்தை இது நொடிக்கு நொடி அளந்து கூட்டிக்கொண்டே போகிறது. போன் திரையில் நாம் பார்க்கும் சதவீதத்தைச் சொல்வதும் இதே சிப்தான்.

மேலே சொன்ன மாணவியின் போனில் 40 சதவீதம் இறங்கினால், சிப்பின் கணக்கில் 2000 எம்ஏஎச் ஏறும். இப்படி 5000 சேர்ந்ததும் சைக்கிள் எண்ணிக்கை ஒன்று கூடும். மீதி இருப்பது அடுத்த சைக்கிளுக்குப் போகும். பொதுவாக, வெளியே போவதை மட்டும்தான் எண்ணுவார்கள். உள்ளே வருவதையும் சேர்த்து எண்ணினால் ஒரே மின்சாரம் இரண்டு தடவை கணக்கில் வந்துவிடும்.

இது ஒரு கம்பெனி மட்டும் வைத்துக்கொண்ட வழக்கம் இல்லை. லேப்டாப் பேட்டரிகளுக்காக 1990-களில் உருவான ‘ஸ்மார்ட் பேட்டரி’ தரவரையறையிலேயே, பேட்டரி வடிவமைக்கப்பட்டபோது இருந்த கொள்ளளவுக்கு ஏறக்குறைய சமமான மின்சாரம் வெளியேறுவதுதான் ஒரு சைக்கிள் என்று எழுதப்பட்டிருக்கிறது.

இதில் ‘வடிவமைக்கப்பட்டபோது இருந்த’ என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். பேட்டரி பழசாகப் பழசாக அதன் கொள்ளளவு குறையும். 5000 எம்ஏஎச் பேட்டரி சில வருடத்தில் 4000-தான் பிடிக்கிறது என்று வையுங்கள். இப்போது திரையில் 100-லிருந்து 0 வரை இறங்கினாலும், உண்மையில் வெளியே போனது 4000-தான். பழைய 5000-ஐ அளவுகோலாக வைக்கும் சிப், இதை முக்கால் சைக்கிளுக்குக் கொஞ்சம் மேலே, 0.8 என்றுதான் எண்ணும். ஐந்து தடவை முழுசாகத் தீர்த்தால்தான் நாலு சைக்கிள் ஆகும்.

எல்லாக் கம்பெனியும் ஒரே அளவுகோலை வைத்திருப்பதில்லை. ஆப்பிள் நிறுவனம், பேட்டரி தேய்வதைக் கணக்கில் கொண்டு, ஒரு முழு சைக்கிளை ஆரம்பக் கொள்ளளவின் 80 முதல் 100 சதவீதத்துக்குள் சரிக்கட்டி எண்ணுவதாகத் தன் விளக்கத்தில் சொல்கிறது. அதனால் ஒரு கம்பெனி போனின் 400-ஐயும் இன்னொரு கம்பெனி போனின் 400-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரியாக வராது.

எண் ஒன்றுதான், தேய்மானம் ஒன்றல்ல

இதுவரை பார்த்தது கூட்டல் கணக்கு. இனிதான் விஷயமே இருக்கிறது.

இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே மாடல் போன் வாங்குகிறார்கள். ஒருவர், போன் முழுசாகத் தீர்ந்து ஆஃப் ஆகும் வரை விட்டுவிட்டு, பிறகு 100 வரை ஏற்றுகிறார். இரண்டு நாளுக்கு ஒரு தடவை இப்படி. இன்னொருவர் தினமும் 80-லிருந்து 30 வரை பயன்படுத்தி, மறுபடி 80-க்கு ஏற்றிக்கொள்கிறார்.

முதல் ஆள் இரண்டு நாளில் 100 செலவழித்தார். இரண்டாம் ஆள் தினமும் 50 வீதம், இரண்டு நாளில் அதே 100. சிப் இருவருக்கும் ஒரே மாதிரி ஒரு சைக்கிள் என்று எழுதும். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தாலும் இருவர் போனிலும் 270 சைக்கிளுக்கு அருகில்தான் இருக்கும். ஆனால் பேட்டரியின் ஆரோக்கியம் ஒன்றாக இருக்காது. பொதுவாக முதல் ஆளின் பேட்டரிதான் அதிகம் தேய்ந்திருக்கும்.

ஏன்? லித்தியம் அயான் பேட்டரியில் சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்கார்கின்றன. செலவாகும்போது வெளியே வருகின்றன. உள்ளே போகும்போது கிராஃபைட் ஏறக்குறைய பத்து சதவீதம் உப்பும். வெளியே வந்தால் சுருங்கும். மூச்சு விடுவது போல. கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய பாதுகாப்புப் படலம் இருக்கிறது. பெரிதாக உப்பி, பெரிதாகச் சுருங்கினால் அந்தப் படலத்தில் விரிசல் விழும். விரிசலை அடைக்க புதுப் படலம் உருவாகும். அந்தப் புதுப் படலத்துக்குத் தேவையான லித்தியம் பேட்டரியின் கையிருப்பில் இருந்துதான் போகும். அப்படிப் போன லித்தியம் திரும்பி வேலைக்கு வராது. நாம் ‘பேட்டரி முன்ன மாதிரி நிக்க மாட்டேங்குது’ என்று சொல்வதில் பெரும்பங்கு இதுதான்.

கட்டுக்கம்பியை எடுத்து முழுசாக மடக்கி நிமிர்த்தினால் சில தடவையிலேயே ஒடிந்துவிடும். அதே கம்பியை லேசாக வளைத்து விட்டால் நூறு தடவைக்கும் தாங்கும். பேட்டரியிலும் நடப்பது கிட்டத்தட்ட இதுதான். இரண்டு அரை வளைவு சேர்ந்து ஒரு முழு வளைவின் சேதத்தைத் தருவதில்லை. அதைவிடக் குறைவாகத்தான் தரும்.

அதனால்தான் பகுதி சைக்கிளை எண்ண இரண்டு வழி இருக்கிறது. சிப் எண்ணுவது ‘மொத்தம் எவ்வளவு செலவாச்சு’ என்று. பேட்டரியின் ஆயுளைக் கணிக்கும் பொறியாளர்கள் எண்ணுவது ‘ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் எவ்வளவு ஆழம்’ என்று.

மழைநீர் முறை: ஜப்பானில் இருந்து வந்த கணக்கு

இந்த இரண்டாவது எண்ணிக்கைக்கு பேட்டரி ஆட்கள் கடன் வாங்கியிருப்பது, உலோகம் களைத்து உடைவதைக் கணிக்கும் ஒரு முறையை. 1968-ல் ஜப்பானியப் பொறியாளர்கள் மட்சுயிஷியும் எண்டோவும் இதைக் கொண்டுவந்தார்கள். அடுக்கடுக்கான கூரையில் மழைத்தண்ணீர் வழிந்து இறங்குவதைப் போல வரைபடத்தைப் படிப்பதால் இதற்கு ‘மழைநீர் ஓட்ட’ முறை என்று பெயர். சோலார் மின்சாரத்தைச் சேமிக்கும் பெரிய பேட்டரிகள் எத்தனை வருடம் வரும் என்று கணக்குப் போட இன்று இது பரவலாகப் பயன்படுகிறது.

நம் போனையே வைத்துப் பார்ப்போம். காலையில் 90. மதியம் 40-க்கு இறங்கியது. கொஞ்சம் சார்ஜ் போட்டு 70 ஆனது. இரவு 20-க்கு வந்தது. மறுபடி 90 வரை ஏற்றியாயிற்று.

சிப்பின் கணக்கு எளிது. 90-லிருந்து 40 வரை 50. 70-லிருந்து 20 வரை இன்னொரு 50. மொத்தம் 100. ஒரு சைக்கிள்.

மழைநீர் முறை இதை வேறு மாதிரி பார்க்கும். அந்த நாளில் நடந்த பெரிய இறக்கம் 90-லிருந்து 20 வரை. அதன் ஆழம் 70. நடுவில் மதியம் போட்ட சார்ஜால், 40-க்கும் 70-க்கும் இடையே ஒரு சின்ன ஏற்ற இறக்கம் உள்ளே அடங்கிப்போனது. அதன் ஆழம் 30. ஆக, இந்த முறையில் 70 ஆழத்தில் ஒன்று, 30 ஆழத்தில் ஒன்று என இரண்டு சைக்கிள்.

இரண்டின் கூட்டுத்தொகையும் 100-தான். ஆனால் சேதத்தைக் கணக்கிடும்போது 70-க்கு ஒரு எடை, 30-க்கு அதைவிட மிகக் குறைந்த எடை என்று போடுவார்கள். ஒரே மூச்சில் 100-லிருந்து 0 வரை இறங்கிய நாளுக்கு இதைவிட அதிக எடை விழும். இரண்டு நாளும் சிப்பின் கண்ணில் ஒன்றுதான். பேட்டரியின் உடம்புக்கு இரண்டும் வேறு.

இன்னொன்றும் உண்டு. ஆழம் மட்டும் போதாது, அந்த ஏற்ற இறக்கம் எங்கே நடக்கிறது என்பதும் முக்கியம். 50-ஐச் சுற்றி நடக்கும் 20 சதவீத ஏற்ற இறக்கம் பேட்டரிக்கு லேசானது. அதே 20 சதவீதம், 80-க்கும் 100-க்கும் இடையில் நடந்தால் பேட்டரி அதிக மின்னழுத்தத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம். அது வேறு வகையில் தேய்க்கும். பல போன்களில் 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி கொடுத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் “முழுசா தீர்ந்த பிறகுதான் போடணும்” என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது? அது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்துப் பேச்சு. அந்தப் பேட்டரிகளில் பாதியில் சார்ஜ் போட்டுப் பழக்கினால் கொள்ளளவு குறைந்தது போல் ஆகும் சிக்கல் இருந்தது. இன்றைய போனில் இருப்பது லித்தியம் அயான். அதற்கு இந்த அறிவுரை நேர் எதிர்.

500, 800, 1000: இந்த எண்கள் எதற்கு?

கம்பெனிகள் சொல்லும் ‘1000 சைக்கிள்’ என்பது பேட்டரி செத்துப்போகும் நாள் இல்லை. அத்தனை சைக்கிள் முடியும்போது ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதம் மிச்சம் இருக்கும்படி வடிவமைத்திருக்கிறோம் என்பதுதான் அதன் பொருள்.

ஐபோன் 14 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு ஆப்பிள் சொன்ன எண் 500. ஐபோன் 15 வரிசைக்கும் முதலில் அதே 500-தான் இருந்தது. 2024 பிப்ரவரியில் அதை 1000 என்று மாற்றினார்கள். நம்ம ஸ்ரீபெரும்புதூரில் அசெம்பிள் செய்யப்பட்ட மாடல்தான் ஐபோன் 15. பேட்டரியின் சைக்கிள் எண்ணிக்கையை ஐபோன் திரையிலேயே நேரடியாகக் காட்டத் தொடங்கியதும் அந்த வரிசையில்தான். ஆனால் அந்த 1000 என்பது உகந்த சூழலில் என்ற நிபந்தனையோடு வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் ஸ்மார்ட்போன்களின் பேட்டரி, 800 சைக்கிளுக்குப் பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவைத் தக்கவைக்க வேண்டும்.

கெடார் மாணவியின் கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு 208 சைக்கிள். 500 என்றால் ஏறக்குறைய இரண்டரை வருடம். 800 என்றால் நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. 1000 என்றால் ஐந்து வருடத்துக்குச் சற்று முன்பு. உங்கள் போனின் எண்ணை, வாங்கி எத்தனை மாதம் ஆனதோ அதால் வகுத்தால் உங்கள் மாதக் கணக்கு கிடைத்துவிடும்.

இந்த எண் வெறும் தகவலாக மட்டும் இருப்பதில்லை. சில போன்களில் அதைப் பார்த்து மென்பொருளே முடிவெடுக்கிறது. இந்தியாவிலும் விற்பனையான கூகுள் பிக்சல் 6ஏ மாடலில், சில போன்களின் பேட்டரி அதிகம் சூடாகும் அபாயம் இருப்பதாகச் சொல்லி 2025 ஜூலையில் ஒரு கட்டாய அப்டேட்டை கூகுள் வெளியிட்டது. பாதிக்கப்பட்ட போன்களில் பேட்டரி 400 சைக்கிளைத் தொட்டதும், கொள்ளளவும் சார்ஜ் ஏறும் வேகமும் தானாகக் குறைக்கப்படும். பிக்சல் 9ஏ மாடலில் 200 சைக்கிளில் தொடங்கி 1000 வரை, படிப்படியாக பேட்டரியின் உச்ச மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடே வைத்திருக்கிறார்கள். இங்கே அரை சார்ஜா முழு சார்ஜா என்ற பேதம் இல்லை. கூட்டல் கணக்கு 400 என்று காட்டினால் 400-தான்.

குறைந்த எண் நல்ல பேட்டரி என்று அர்த்தமா?

அப்படி முடிவு கட்டக் கூடாது. சைக்கிள் கவுண்ட் எண்ணாமல் விடுவது இரண்டு விஷயங்களை. ஒன்று காலம். இன்னொன்று சூடு.

வீட்டில் மேசை மேல் வைத்து, எந்நேரமும் சார்ஜரிலேயே ஓடும் லேப்டாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது பேட்டரியில் இருந்து மின்சாரம் எடுப்பதே அபூர்வம். மூன்று வருடம் கழித்து சைக்கிள் எண்ணிக்கை 40 என்று காட்டலாம். ஆனால் அந்த மூன்று வருடமும் பேட்டரி 100 சதவீதத்தில், உள்ளே இருக்கும் சூட்டில் கிடந்திருக்கிறது. பயன்படுத்தாவிட்டாலும் உள்ளே வேதிமாற்றம் நடந்துகொண்டேதான் இருக்கும். சார்ஜரை எடுத்த பத்தாவது நிமிடம் லேப்டாப் ஆஃப் ஆவதும், பேட்டரி உப்பி டச்பேட் மேலே எழும்புவதும் இப்படித்தான். பேட்டரி உப்பியிருப்பது தெரிந்தால் அதன் சைக்கிள் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு, குத்தாமல், அழுத்தாமல் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிட வேண்டும்.

சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் போனை வைப்பதும், சார்ஜ் போட்டுக்கொண்டே கேம் ஆடுவதும் இதே வகைதான். எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறாமல் பேட்டரியின் ஆயுள் மட்டும் குறையும்.

எங்கே பார்ப்பது? எப்படிப் படிப்பது?

ஐபோன் 15 மற்றும் அதற்குப் பிந்தைய மாடல்களில் `Settings` > `Battery` > `Battery Health` என்ற இடத்தில் `Cycle Count` இருக்கும். தயாரித்த மாதமும் முதன்முதலில் பயன்படுத்திய மாதமும் கூடவே இருக்கும். புதிய பிக்சல் போன்களில் `Settings` > `About phone` > `Battery information` என்ற இடத்தில் பார்க்கலாம். மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் காட்டுவதே இல்லை.

விண்டோஸ் லேப்டாப் என்றால் `Command Prompt` திறந்து இந்த ஒரு வரியைத் தட்டினால் போதும்:

```
powercfg /batteryreport
```

`battery-report.html` என்ற ஒரு ஃபைல் உருவாகும். எங்கே சேமிக்கப்பட்டது என்பதையும் அங்கேயே சொல்லும். அதைத் திறந்தால் `DESIGN CAPACITY`, `FULL CHARGE CAPACITY`, `CYCLE COUNT` என்று மூன்று வரிகள் இருக்கும். முதலாவது, புதிதாக இருந்தபோது பிடித்த அளவு. இரண்டாவது, இப்போது பிடிக்கும் அளவு. உதாரணமாக முதலாவது 50,000, இரண்டாவது 38,000 என்றால், 38,000-ஐ 50,000-ஆல் வகுத்தால் 0.76. அதாவது பேட்டரியில் மிச்சம் இருப்பது 76 சதவீதம். சில லேப்டாப்களில் `CYCLE COUNT` இடத்தில் எண் வராமல் வெறும் கோடு மட்டும் இருக்கும். அப்போதும் இந்த வகுத்தல் கணக்கு போதுமானது. அரசு கொடுத்த இலவச லேப்டாப்பை விண்டோஸில் வைத்திருப்பவர்களும் இதையே செய்து பார்க்கலாம்.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ செகண்ட் ஹேண்ட் போன் வாங்கப் போகிறவர்கள், சைக்கிள் எண்ணைத் தனியாகப் பார்க்காமல் மூன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: சைக்கிள், பேட்டரி ஆரோக்கிய சதவீதம், போனின் வயது. இரண்டு வருடம் ஆன போனில் 400 சைக்கிள், ஆரோக்கியம் 88 என்றால் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறது. அதே இரண்டு வருடப் போனில் 30 சைக்கிள், ஆரோக்கியம் 100 என்றால் கேள்வி கேட்க வேண்டும். பேட்டரியை மாற்றியிருக்கலாம். எண்ணும் சிப் பேட்டரியோடு சேர்ந்து வந்தால் புது பேட்டரியில் கணக்கு மறுபடி தொடக்கத்தில் இருந்து வரும். மாற்றியது குற்றமில்லை. கம்பெனி பேட்டரியா, வேறு பேட்டரியா என்பதுதான் கேள்வி. ஐபோனில் `Settings` > `General` > `About` பகுதியில், மாற்றிய பேட்டரி அசல்தானா என்பது தெரியும்.

200 சைக்கிள்தான் ஆகியிருக்கிறது, ஆனால் ஆரோக்கியம் 79 என்று இருந்தால், அந்த போன் சூட்டிலோ, எந்நேரமும் முழு சார்ஜிலோ கிடந்திருக்க வாய்ப்பு அதிகம். 30 சதவீதம் இருக்கும்போதே திடீரென ஆஃப் ஆகி, சார்ஜர் சொருகியதும் மறுபடி 25 என்று காட்டினால், எண் என்னவாக இருந்தாலும் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

வீட்டு இன்வெர்ட்டருக்கு இந்தக் கணக்கு பொருந்துமா?

இங்கே ஒரு எச்சரிக்கை. கரண்ட் கட் ஆகும்போது ஃபேனும் லைட்டும் ஓட நம் வீடுகளில் இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரிகளில் பெரும்பாலானவை தண்ணீர் ஊற்றும் லெட் ஆசிட் வகை. ஆழமாகத் தீர்த்தால் ஆயுள் குறையும் என்ற விதி அதற்கும் உண்டு. ஆனால் போனைப் போல 80-க்கும் 30-க்கும் நடுவில் வைத்திருப்பது நல்லது என்று நினைத்து இன்வெர்ட்டரை அரை சார்ஜில் விட்டால் பேட்டரி கெட்டுவிடும். அரைகுறை சார்ஜில் கிடக்கும் லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அந்தக் கொள்ளளவு முழுசாகத் திரும்பாது. அதனால் கரண்ட் வந்ததும் இன்வெர்ட்டர் பேட்டரி முழுசாக ஏற வேண்டும்.

முதலில் கேட்ட மூன்றுக்கும் பதில்

“அடிக்கடி சொருகினால் பேட்டரி போயிடுமா?” போகாது. சொருகும் எண்ணிக்கை கணக்கிலேயே வராது. செலவாகும் மின்சாரம் மட்டும்தான் வரும். சின்னச் சின்னதாக ஏற்றுவது தேய்மானத்தைக் குறைக்கவே செய்யும்.

“முழுசா தீர்ந்த பிறகுதான் போடணுமா?” வேண்டாம். 20, 30 சதவீதத்திலேயே போட்டுவிடுங்கள். முடிந்தால் 80, 90-ல் எடுத்துவிடுங்கள். பயணம் போகும் நாளில் 100 வரை ஏற்றினால் ஒன்றும் ஆகிவிடாது.

“சைக்கிள் 300தான் ஆகியிருக்கு, எடுத்துக்கலாமா?” அந்த எண், போனில் எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதை மட்டும் சொல்லும். எப்படிச் செலவானது, எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதைச் சொல்லாது. ஆரோக்கிய சதவீதத்தையும் போனின் வயதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.